மரச்சீனி வடித்த தண்ணீர்

குற்றாலத்துக்குச் சீசனுக்கு வருகிறவர்களுக்கு இரண்டே வேலைதான். குளிப்பது, பசிப்பது. உடம்பு நிறைய எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவியில் நின்றுவிட்டு வருகிற மனிதனுக்கு எப்படிப் பசிக்கும் என்பது அவனுக்குச் சோறு போட்டவர்களுக்குத்தான் தெரியும். நாங்கள் போட்டோம். கடைத்தெருவின் கடைசியில் என் வீட்டுக்காரர் ஒரு சாப்பாட்டு கிளப் வைத்திருந்தார். கிளப் என்றதும் இந்தக் காலத்துப் பிள்ளைகள் வேறு எதையாவது நினைத்துக்கொள்ளும். ஓலைக் கூரை, சாணி மெழுகிய தரை, உட்காரப் பலகை, முன்னால் வாழை இலை. அவ்வளவுதான் எங்கள் கிளப்.

நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது, யுத்தம் வந்து பர்மா அரிசியை நிறுத்துகிற வரைக்கும். அதற்கப்புறம் அரிசி என்பது கடவுள் மாதிரி ஆகிவிட்டது. இருக்கிறது என்று எல்லோரும் சொன்னார்கள், கண்ணால் பார்த்தவர் இல்லை. ரேஷனில் கிடைத்தது வீட்டுக்கே காணாது. கிளப்பை மூடிவிடலாம் என்று என் வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். நான்தான் மூட வேண்டாம் என்றேன். "எங்க ஊர்ல மரச்சீனி கெடைக்கும். அதை வச்சு நடத்துவோம்" என்றேன்.

மரவள்ளிக் கிழங்கு என்று இப்போது எழுதுகிறார்கள். நான் பிறந்த செங்கோட்டையில் அது மரச்சீனிதான். செங்கோட்டை அப்போது திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. கூப்பிடு தூரம்தான், ஆனாலும் அந்நிய ராஜ்யம். சாமான் கொண்டுவர எல்லையில் சுங்கம் வாங்குகிற சவுக்கையைத் தாண்ட வேண்டும். கிழங்கு எப்படித் தாண்டியது என்று என்னைக் கேட்க வேண்டாம். விடிந்து பார்த்தால் கொல்லை வாசலில் சாக்கு நிற்கும், நான் வாங்கி வைத்துக்கொள்வேன்.

அதைச் சமைக்கிற முறை எனக்கு என் அம்மா வீட்டிலிருந்து வந்தது. மேல்தோலோடு உள்தோலையும் சேர்த்து உரித்துவிட வேண்டும். சின்னச் சின்னத் துண்டாக நறுக்கிப் பச்சைத் தண்ணீரில் போட்டு வைக்க வேண்டும். கொஞ்ச நேரம் கிடந்தபின் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, நிறையத் தண்ணீர் ஊற்றி அடுப்பில் ஏற்ற வேண்டும். பானையை மூடக் கூடாது. கொதித்ததும் வடித்துக் கொட்டிவிட்டு, மறுபடி தண்ணீர் ஊற்றி, உப்புப் போட்டு, பூவாக மலர்கிற வரை வேகவிட வேண்டும். அதையும் வடிக்க வேண்டும். அப்புறம்தான் தேங்காய், பச்சை மிளகாய், சீரகம் அரைத்துப் போடுவதெல்லாம். சிறுபிள்ளையாக இருக்கும்போது ஒருநாள் பானையை நான் மூடி வைத்ததற்காக அம்மா என் கையில் ஒரு அடி போட்டாள். "ஏம்மா?" என்றால், "வீச்சம் போகணும்" என்பாள். என்ன வீச்சம் என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. செய்தோம், தின்றோம், யாருக்கும் ஒன்றும் வரவில்லை. ஒன்றும் வராத காரியத்துக்குக் காரணம் யார் கேட்கிறார்கள்?

என் மாமனாருக்கு இது அடியோடு பிடிக்கவில்லை. அவர் சுந்தரபாண்டியபுரத்துப் பக்கம் நெல் விளைவித்த மனிதர். குளம் பெருகாமல் இரண்டு பூ விளைச்சலும் தவறிப்போய், வயலைக் குத்தகைக்கு விட்டுவிட்டு எங்களோடு வந்து இருந்தார். நெல்லைத் தவிர மற்றதெல்லாம் அவருக்குத் தீவனம். தட்டில் கிழங்கை வைத்தால் தட்டை ஒரு விரலால் நகர்த்துவார். "வேரைப் பிடுங்கித் திங்கதுக்கு நாம என்ன பன்னியா?" என்பார். ரேஷன் அரிசியில் ஒரு கைப்பிடி அவருக்கென்று தனியாகப் பொங்கினேன். அதைச் செய்தேனே தவிர, முகத்தைச் சிரித்தபடி வைத்துக்கொண்டு செய்தேன் என்று சொல்ல மாட்டேன்.

வயலிலிருந்து அவரோடு வந்தது ஒன்றே ஒன்று. ஒரு செவலைப் பசு. ஏரும் போய், எருதும் போய், களத்து வேலையாட்களும் போனபின் அவரிடம் மிச்சமிருந்த விவசாயம் அந்தப் பசுதான். கன்று போட்டுச் சில மாதம் ஆகியிருந்தது. அதன் பாலில்தான் கிளப்புக்குக் காப்பி. பால் கறந்த பிறகும் அவர் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். அதனிடம் பேசுவார். எங்களோடு பேசியதைவிட அதனோடு பேசியது அதிகம்.

சோறு வடித்த கஞ்சியையும் அரிசி கழுவிய தண்ணீரையும் காய்கறித் தோலையும் ஒரு பானையில் சேர்த்து, அதில் தவிடும் உப்பும் போட்டுப் பசுவுக்கு வைப்பது எல்லோர் வீட்டிலும் உண்டு. கழுநீர்ப் பானை இல்லாமல் மாடு வைத்த வீடு இல்லை. என் மாமனார் அதை ஒரு பூசை மாதிரிச் செய்வார். ஒரு சொட்டுக் கஞ்சி முற்றத்தில் சிந்தினால்கூட அவருக்குப் பொறுக்காது. "ஒரு உசுரு குடிக்கிறதை மண்ணுல கொட்டாதட்டி" என்பார். இப்போது அரிசியே இல்லையென்று ஆகிவிட்டது. அரிசி இல்லாத வீட்டில் கஞ்சி ஏது, கழுநீர் ஏது? பானை காய்ந்து கிடந்தது. பசுவுக்கு விலா எலும்பு தெரிந்தது. பாலும் குறைந்தது. அவர் வெறும் தண்ணீரில் உப்பைப் போட்டுக் கொண்டுபோய் வைப்பார். அது முகர்ந்து பார்த்துவிட்டு அவரை ஒரு பார்வை பார்க்கும். அந்தப் பார்வையை அவரால் தாங்க முடியவில்லை. எனக்கே பாவமாக இருந்தது.

மரச்சீனி வடித்த தண்ணீரை நான் என் அம்மா வீட்டு வழக்கப்படிக் கொல்லைக் கடைசியில், பாறைச் சந்தில் கொட்டிவிடுவேன். தோலைக் குழியில் போட்டு மண்ணைத் தள்ளிவிடுவேன். அம்மா வீட்டில் மாடு கிடையாது. ஆகவே மாட்டுக்கு அது ஆகுமா ஆகாதா என்ற பேச்சு என் காதில் விழுந்ததே இல்லை. நான் கொட்டுவதை மாமனார் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருப்பார். வெள்ளையாக, கஞ்சி மாதிரிக் கொழகொழவென்று, ஆவி பறக்கப் பாறையில் வழிந்து போகும். மருமகளிடம் கிழங்கைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பது அவருக்குக் கௌரவக் குறைச்சல். எனக்கும் அவரிடம் போய்ச் சொல்ல ஒன்றும் இருப்பதாகத் தோன்றவில்லை.

அன்று ஆடி அமாவாசை. சாரல் நின்று பெய்தது. அருவியில் நிற்க இடமில்லாமல் ஜனம். கிளப்பில் ஒரு பந்தி எழுந்திருக்கும் முன்னே அடுத்த பந்திக்கு ஆள் நின்றது. வழக்கமாக வருகிற கிழங்கு போதாதென்று, மலையடிவாரத்திலிருந்து வேறொரு ஆள் இரண்டு சாக்கு கொண்டுவந்து போட்டிருந்தான். தோலை உரிக்கும்போதே ஒரு துண்டை நாக்கில் வைத்துப் பார்த்தேன். கசந்தது. கசப்புக் கிழங்கு என்றால் இன்னொரு தண்ணீர் மாற்ற வேண்டும், அது எனக்குத் தெரியும். மாற்றினேன். நறுக்கியதைக் கூடுதல் நேரம் ஊறப்போட்டேன். வடித்த தண்ணீர் மட்டும் அண்டா நிறைய நின்றது. கொண்டுபோய்க் கொட்ட எனக்குக் கை ஒழியவில்லை. தோலும் ஒரு பக்கம் குவிந்து கிடந்தது.

பந்தியில் அன்று ஒரு மாட்டு டாக்டர் இருந்தார். திருநெல்வேலியில் வேலை, லீவு போட்டுவிட்டுக் குளிக்க வந்தவர். தலையில் எண்ணெய் வழிய, இடுப்பில் துண்டோடு, குளிப்பதற்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்துவிட்டார். குளித்துவிட்டு வந்தால் கிழங்கு தீர்ந்துபோகும் என்று அவருக்குப் பயம். இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

கொல்லையிலிருந்து என் மாமனாரின் குரல் கேட்டது. அவர் உரத்துப் பேசுகிற மனிதர் அல்ல. அன்று கேட்ட குரல் எனக்கு யாருடையது என்றே தெரியவில்லை. ஓடிப்போய்ப் பார்த்தேன்.

பசு கால்களை அகட்டிக்கொண்டு நின்று ஆடியது. வாயைத் திறந்து, கழுத்தை நீட்டி, நாய் இரைக்கிற மாதிரி இரைத்தது. வாயிலிருந்து நுரை ஒழுகியது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே முன்னங்கால் மடங்கி, பக்கவாட்டில் விழுந்தது. விழுந்த இடத்தில் கால்கள் நான்கும் உதைத்துக்கொண்டன. கட்டியிருந்த கன்று கயிற்றை இழுத்துக் கத்தியது. மாமனார் பசுவின் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு சேற்றில் உட்கார்ந்திருந்தார்.

டாக்டர் எச்சில் கையோடு வந்தார். பசுவின் உதட்டை விலக்கிப் பார்த்தார். ஈறு செக்கச் செவேலென்று இருந்தது. கண்ணின் உட்பக்கமும் அப்படித்தான். அக்கம்பக்கத்தில் சாகப்போகிற மாட்டின் ஈறு வெளுத்து நான் பார்த்திருக்கிறேன், கறுத்தும் பார்த்திருக்கிறேன். இது செம்பருத்திப் பூவாகச் சிவந்திருந்தது. அவ்வளவு ஆரோக்கியமான நிறத்தோடு ஒரு உயிர் மூச்சுக்குத் தவிக்கிறதை நான் பார்த்ததே இல்லை.

"வாடின இளஞ்சோளம் எதும் மேஞ்சுதா?" என்று டாக்டர் கேட்டார்.

"சோளத்துக்கு இங்கன எங்க போக?" என்றார் மாமனார். "கஞ்சிதான் வச்சேன்."

"என்ன கஞ்சி?"

மாமனார் அண்டாவைக் காட்டினார். அது பாதி காலி. கழுநீர்ப் பானையின் அடியில் நறுக்கிய கிழங்குத் தோல் கிடந்தது. தவிடு, உப்பு எல்லாம் போட்டு, முன்னைப்போல அழகாகக் கலக்கிக் கொடுத்திருக்கிறார்.

"வீணாப் போகுதேன்னு குடுத்தேன். நாள் பூராவும் ஒண்ணும் குடிக்காதது, ஆசையாக் குடிச்சிது" என்றார்.

டாக்டர் தன்னோடு வந்த ஆளை அறைக்கு ஓடிப் பெட்டியை எடுத்துவரச் சொன்னார். என் வீட்டுக்காரரைப் பார்த்து, "அருவிக்கரையில படம் பிடிக்காரே, அவருட்ட போய் ஹைப்போ வாங்கிட்டு வாங்க. படம் கழுவுத உப்பு. இருக்கதை அம்புட்டையும் கேளுங்க. ஓடுங்க" என்றார். என்னிடம், கொதித்து ஆறிய வெந்நீரும் வெள்ளைத் துணியும் கேட்டார்.

இதற்குள் கிளப்புக்குள் ரகளை தொடங்கிவிட்டது. கிழங்கில் விஷம் என்று ஒருவர் சொல்ல, அது பந்தி முழுக்கப் போய்விட்டது. எழுந்தவர்கள் எல்லாம் கொல்லையை எட்டிப் பார்த்தார்கள். கீழே உதைத்துக்கொண்டு கிடக்கிற பசுவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்கள். ஒருவர் தொண்டைக்குள் விரலை விட்டு வாந்தி எடுக்க முயன்றுகொண்டிருந்தார். "அன்னிய தேசத்துக்காரி, என்னத்தப் போட்டாளோ" என்று ஒரு குரல் கேட்டது. சவுக்கைக்கு அந்தப் பக்கம் பிறந்தவள் அன்னிய தேசத்துக்காரி. எனக்குக் கோபம் வர வேண்டிய இடம். வரவில்லை. ஏனென்றால் எனக்கே அப்போது என்மேல் சந்தேகம். என்ன செய்துவிட்டேன், எத்தனை பேருக்குப் போட்டுவிட்டேன் என்று பந்தியை எண்ணிப் பார்த்தேன்.

டாக்டர் திரும்பாமலே சொன்னார்: "எப்பய்யா தின்னிய? மாடு இப்பத்தான் குடிச்சிருக்கு, விழுந்துட்டு. முதல் பந்தியில உக்காந்தவுக தின்னு வெகு நேரமாச்சு. கிழங்குல இருந்தா இந்நேரம் நீங்க எல்லாரும் இதுகூட வரிசையாப் படுத்திருக்கணும். நானும்தான் ரெண்டு தடவ தின்னிருக்கேன்."

வாந்தி எடுக்க முயன்றவர் தொண்டையிலிருந்து விரலை எடுத்துவிட்டார்.

ஹைப்போ வந்தது. உடைத்த கற்கண்டு மாதிரி இருந்தது. அதை வெந்நீரில் கரைத்துத் துணியில் வடிகட்டி ஊசியில் ஏற்றினார். "படம் கழுவுததை ரத்தத்துல ஏத்துதது முறையில்ல. வேற கதியும் இல்ல" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, கழுத்து நரம்பைத் தடவிப் பிடித்துக் குத்தினார். நரம்பிலிருந்து ஒரு சொட்டு ரத்தம் வந்தது. அதுவும் பளிச்சென்ற சிவப்பு. மெதுவாக, அவசரமே இல்லாதவர் மாதிரி ஏற்றினார். அப்புறம் ஒரு ரப்பர் குழாயைப் பசுவின் வாய்வழியாக வயிறு வரை விட்டு, மிச்சக் கரைசலை அதற்குள் ஊற்றினார்.

பிறகு செய்வதற்கு ஒன்றும் இல்லை. சாரல் தூறிக்கொண்டே இருந்தது. பெரிய அருவியின் இரைச்சல் அங்கே எப்போதும் கேட்டுக்கொண்டிருக்கும், பழகிய காதுக்கு விழாது. அன்று எனக்கு விழுந்தது. மாமனார் பசுவின் காதைத் தடவிக்கொண்டிருந்தார். வாய்க்குள் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். வயலில் ஏர் ஓட்டும்போது மாட்டிடம் பேசுகிற பேச்சு அது.

உதைத்த கால்கள் முதலில் நின்றன. போய்விட்டது என்று நினைத்தேன். பிறகுதான் விலா எழும்பித் தாழ்வதைப் பார்த்தேன். இரைப்பு இல்லை. மூச்சு. ஒன்று, அப்புறம் ஒன்று. கண் சுழல்வது நின்று, ஒரு இடத்தில் நிலைத்தது. கன்று கத்தியபோது காது அந்தப் பக்கம் திரும்பியது. கொஞ்ச நேரத்தில் தலையை மாமனார் மடியிலிருந்து தானே தூக்கிக்கொண்டது. அவர் கையை எடுக்காமல் அப்படியே வைத்திருந்தார். பிறகு அது பின்னங்காலை ஊன்றி எழுந்து, தள்ளாடி, நின்றேவிட்டது. செத்துப் பிழைத்தது என்று சொல்வார்களே, அதை நான் கண்ணால் பார்த்தேன். கோயிலில்கூட எனக்குத் தானாகக் கை குவியாது. அன்று குவிந்தது. யாரைப் பார்த்துக் கூப்பினேன் என்று இப்போதும் தெரியாது.

டாக்டர் கை கழுவிக்கொண்டு அதே பலகையில் வந்து உட்கார்ந்தார். "மிச்சம் இருந்தா வையுங்கம்மா" என்றார். எல்லோரும் பார்க்க, நான் வைத்ததைச் சாப்பிட்டார். சாப்பிட்டுக்கொண்டே எங்களுக்குச் சொன்னார். அவர் சொன்னதை என்னால் முடிந்தபடி சொல்கிறேன்.

அந்தக் கிழங்குக்குள் இரண்டு சரக்கு இருக்கிறதாம். ஒன்றோடொன்று சேராமல் தனித்தனி அறையில் இருக்கிறவரை ஒன்றும் இல்லை. பல்லோ கத்தியோ பட்டு அறைச்சுவர் உடைந்தால் இரண்டும் சேர்ந்துகொள்ளும். சேர்ந்த இடத்தில் ஒரு நஞ்சு பிறக்கும், ஆவியாகப் போகிற நஞ்சு. தன்னைத் தின்ன வருகிறதைக் கொல்வதற்காக அந்தச் செடி செய்து வைத்திருக்கிற ஏற்பாடு அது. தோலில் அதிகம், கசப்புக் கிழங்கில் இன்னும் அதிகம். மழை பொய்த்த இடத்தில் விளைந்தால் கேட்கவே வேண்டாம். வாடிய இளஞ்சோளத்திலும் இதே நஞ்சு உண்டாம்.

"நீங்க சின்னதா நறுக்கிப் பச்சத் தண்ணியில போடுதியள்லா, அப்பவே அறை உடைஞ்சு ரெண்டும் சேந்து நஞ்சு வெளிய வந்துருது. பானையை மூடாம கொதிக்க விடுதிய, ஆவியோட அது மேல போயிருது. சேராம நின்ன முதல் சரக்கு தண்ணியில இறங்கிருது. தண்ணிய வடிச்சுட்டிய. கிழங்குல இருக்கது வெறும் மாவு. முழுசா, தோலோட, மூடி வச்சு அவிச்சிருந்தியோ, இன்னைக்கு எனக்கும் ஹைப்போதான்."

"அப்ப தண்ணியில?" என்று கேட்டார் என் வீட்டுக்காரர்.

"தண்ணியில இறங்கினது அப்படியேதான் இருக்கும். கிழங்குல அதை நஞ்சா மாத்துத ரெண்டாவது சரக்கு கொதியில செத்துரும். ஆனா மாட்டு வயிறு ஒரு புளிச்ச பானை. அதுக்குள்ள உள்ள கிருமிக அந்த வேலையச் செஞ்சுரும். போதாதுக்குத் தோல் வேற பச்சையாப் போயிருக்கு."

ஈறு ஏன் சிவந்தது என்று நான் கேட்டேன். அதற்கு அவர் சொன்னதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறாத ஆச்சரியம். நாம் இழுக்கிற மூச்சு ரத்தத்தில் ஏறி உடம்பெல்லாம் போகுமாம். இந்த நஞ்சு மூச்சைத் தடுப்பதில்லை, ரத்தத்தில் ஏறுவதையும் தடுப்பதில்லை. உடம்பு அதை வாங்கிக்கொள்வதைத்தான் தடுக்கிறது. ஆகவே ரத்தம் நிறைய மூச்சை வைத்துக்கொண்டே, கொடுக்க இடமில்லாமல், சிவப்பாகச் சுற்றிச் சுற்றி வருகிறது. சோறு முன்னால் இருக்க, வாய் கட்டிப்போட்டவன் பட்டினி கிடக்கிற மாதிரி. படம் கழுவுகிற உப்பில் கந்தகம் இருக்கிறது. அது நஞ்சோடு ஒட்டிக்கொண்டு அதைச் சாதுவாக்கி மூத்திரத்தோடு வெளியே கொண்டுபோய்விடுகிறது.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டே நான் அண்டாவைப் பார்த்தேன். எத்தனை நாள் அந்தத் தண்ணீரைக் கையால் தொட்டிருக்கிறேன். என் அம்மா, அவளுக்கு அம்மா, எங்கள் தெருப் பெண்கள் எல்லோரும் தினமும் அந்தப் பானைமுன் நின்று, பேசிச் சிரித்துக்கொண்டே, ஒரு பிசாசைக் கிழங்கிலிருந்து இறக்கி ஆவியிலும் தண்ணீரிலுமாக அனுப்பிவிட்டு, பிள்ளைகளுக்கு மிச்சத்தைப் பிசைந்து ஊட்டியிருக்கிறோம். வீச்சம் போகணும் என்றாள் அம்மா. வீச்சம் என்றா அதற்குப் பேர்?

அன்றிலிருந்து அடுக்களையில் எதைத் தொட்டாலும் இதற்குள் என்ன இருக்கிறதோ என்று ஒரு நிமிஷம் பார்ப்பேன். பின்னொரு காலத்தில் மலைத்தோட்டத்து ஆட்கள் சிவப்புப் பீன்ஸ் விதை கொண்டுவந்து கொடுத்தார்கள். பக்கத்து வீட்டில் அதை அரைவேக்காட்டில் இறக்கித் தின்றுவிட்டு எல்லோரும் வாந்தியும் பேதியுமாகக் கிடந்தார்கள். விசாரித்ததில் அதிலும் ஒரு நஞ்சு உண்டு என்றார்கள். அது வேறு ஜாதி. அது ஆவியாகப் போகிறதில்லை. ராத்திரி ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் தளதளவென்று நன்றாகக் கொதிக்க விட்டால் அந்தக் கொதியிலேயே அது செத்துப்போகிறது. சின்னத் தணலில் வெதுவெதுவென்று வைத்திருந்தால் சாகாது. ஒன்று ஓடிப்போகிறது, ஒன்று செத்துப்போகிறது. நெருப்பையும் தண்ணீரையும் வைத்துக்கொண்டு மனித ஜாதி என்னென்ன செய்திருக்கிறது என்று மலைத்துப் போகிறேன்.

அன்று சாயங்காலம் டாக்டர் புறப்படும் முன், "இன்னைக்குப் பாலைக் கறந்து கொட்டிருங்க, கன்னுக்கும் விடாதிய" என்று சொல்லிவிட்டுப் போனார். ஒரு சொட்டுக் கஞ்சி சிந்தினால் பொறுக்காத என் மாமனார், செம்பு நிறையக் கறந்த பாலைத் தானே கொண்டுபோய்ப் பாறைச் சந்தில் கவிழ்த்தார். மிச்சமிருந்த அண்டாத் தண்ணீரையும் அவரே கொட்டினார். தோலைக் குழியில் போட்டுக் கல்லைத் தூக்கி வைத்தார்.

மறுநாள் காலையில் பசு வைக்கோல் கடித்தது. கிளப்புக்கு ஆள் வராது என்று எங்களுக்குத் தெரியும். ஊர் முழுக்கக் கதை போயிருந்தது. அரிசியும் இல்லை, ஆளும் இல்லை. இனி மூட வேண்டியதுதான் என்று என் வீட்டுக்காரர் பலகைகளை அடுக்கத் தொடங்கினார். எங்களுக்காவது வேண்டுமே என்று நான் ஒரு சின்னப் பானையில் கிழங்கு வேகவைத்தேன். வழக்கத்தைவிட ஒரு தண்ணீர் கூடுதலாக மாற்றினேன். அதிலும் திருப்தி வராமல் இன்னொன்று மாற்றினேன்.

மாமனார் கொல்லையிலிருந்து கை கால் கழுவிவிட்டு வந்தார். மகன் அடுக்கிய பலகையில் ஒன்றை எடுத்து, உள்ளே போடாமல், தெருவுக்குத் தெரிகிற மாதிரி வாசல் பக்கம் போட்டு உட்கார்ந்தார்.

"எனக்கு வையிட்டி" என்றார்.

நான் அவருக்கென்று பொங்கிய சோற்றை எடுத்தேன்.

"அது இல்ல. கிழங்கு."

இலையைப் போட்டேன். கிழங்கை எடுத்த கை இலைக்கு மேல் போய் அப்படியே நின்றது. நேற்றுவரை கணக்கு வழக்கில்லாமல் ஊருக்கே போட்ட கை அது. ஒரு பயமும் இல்லாமல் போட்டது. இப்போது அதற்குள் இருந்தது என்ன என்று தெரிந்தபின் ஒரு கிழவருக்கு இரண்டு துண்டு வைக்க வரவில்லை. ஒரு துண்டை எடுத்து முதலில் என் வாயில் போட்டுக்கொண்டேன். கசப்பு இல்லை. மென்று முழுங்கிவிட்டு, கொஞ்சம் பொறுங்கள் மாமா, பார்த்துவிட்டு வைக்கிறேன் என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்த வீட்டுக்கு நான் வந்ததிலிருந்து அவர் என்னை நேராகப் பார்த்தது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

"என்னத்தப் பாக்கப்போற?" என்றார். "அண்டாவுல என்ன இருந்துதுன்னு நான் பாத்துட்டேன். அம்புட்டையும் இதுல இருந்து எடுத்தவ நீதான. வையி."

வைத்தேன். தெருவில் சாரலுக்கு ஒதுங்கி நின்றவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, அவர் தின்றார். மெதுவாக, நெல்லுச் சோறு தின்கிற மாதிரி, இலையில் ஒரு பொடி மிச்சமில்லாமல் வழித்துத் தின்றார். உப்புக் கொஞ்சம் குறைச்சல் என்றார்.